வால்வெள்ளிக் காற்று

பூவரசந்துறையில் காற்று சூரியனைவிட்டு விலகி மட்டுமே வீசிய அந்த மார்கழிக்கு முன்பு, அந்த ஊருக்கும் தென்கடற்கரையின் மற்ற ஊர்களைப்போல நாலு திசைக்கு நாலு காற்று இருந்தது. வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்து வள்ளத்துப் பாயில் உட்காரும் அளவுக்கு அந்தக் காற்றுகளோடு ஊருக்குப் பழக்கம் இருந்தது. மார்கழியில் வாடை வீசும். அந்த வருசமும் வாடைக்காகத்தான் எல்லோரும் பாய்களைத் தைத்து வைத்துக் காத்திருந்தார்கள். வாடைக்குப் பதிலாக வந்தது ஒரு வால்வெள்ளி.

அதை முதலில் பார்த்தவன் இஞ்ஞாசி. கஸ்பாருக்கும் செபத்தியம்மாளுக்கும் ஒரே பையன், பத்து வயது. விடியுமுன்னே அப்பாவின் வள்ளத்தைத் தண்ணிக்குள் தள்ளத் தோள்கொடுக்கப் போனவன், தோள்கொடுக்காமல் கிழக்கே வாயைப் பிளந்துகொண்டு நின்றான். கடலுக்குச் சற்று மேலே, இனிமேல்தான் சூரியன் வரவேண்டிய இடத்துக்கு மேலே, ஒரு வெள்ளி பஞ்சுபோல மங்கலான தலையோடு இருந்தது. அதன் தலையிலிருந்து வெளுத்த வால் ஒன்று நேர் மேலே, தலைவிரித்து நிற்பவளின் கூந்தலைத் தலைகீழாகப் பிடித்ததுபோல, நீண்டு கிடந்தது.

"எப்பா, அது என்ன?"

கஸ்பார் பார்த்தார். வலையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "தெரியலையே மக்கா. பெரியவங்க யார்ட்டயாவது கேளு. கேட்டுட்டு எனக்கும் சொல்லு" என்று சொல்லிவிட்டு, தன் மச்சான் தொம்மையோடு வள்ளத்தில் ஏறிப்போனார்.

நாலு விடியல் அதைப் பார்த்தபிறகு இஞ்ஞாசி கேட்கக் கிளம்பினான்.

முதலில் உபதேசியார் சவரியாரிடம் போனான். அந்த ஊருக்குச் சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் கோயிலில் செபம் சொல்லிக்கொடுப்பதும் மணியடிப்பதும் உபதேசியார்தான். கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தவர் வெளியே வந்து பார்த்ததும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "மூணு ராசாக்களுக்கு வழி காட்டின வெள்ளிடா இது. நம்ம காலத்துல வந்திருக்கு பாரு."

"இது யாருக்கு வழி காட்டுது?"

"நல்ல மனசு உள்ளவனுக்கு."

"தினமும் சூரியனுக்குக் கிட்டக் கிட்டத்தானே போகுது? அப்போ சூரியனுக்கா வழி காட்டுது?"

உபதேசியாருக்கு வைக்கோல் வேலை ஞாபகம் வந்தது.

அடுத்து பட்டங்கட்டியாரிடம் போனான். ஊர்த் தலைவருக்கு அந்தக் கரையில் பட்டங்கட்டி என்று பெயர். அவர் சொல் இல்லாமல் ஊரில் வள்ளம் இறங்காது, கல்யாணம் நடக்காது. அவர் வானத்தைப் பார்க்கவே மறுத்தார். "எங்கப்பா சின்னப் பையனா இருக்கும்போது இதேமாதிரி ஒண்ணு வந்துச்சு. அந்த வருசம் காலராவுல பாதி ஊரு போச்சு. அதுக்குக் கண்ணு குடுக்காத."

"காலரா வந்த எல்லா வருசமும் இது வந்துச்சா பெரியவரே?"

பட்டங்கட்டியார் நேர்மையான மனுசன். யோசித்துப்பார்த்துவிட்டு, "இல்ல" என்றார். பிறகு, பதில் சொன்னதற்காகவே கோபம் வந்து அவனை விரட்டிவிட்டார்.

மூன்றாவதாகக் கேட்டது மோயீசனிடம். வாலிபத்தில் சரக்குக் கப்பலில் கரி அள்ளிப்போட்டுப் பாதி உலகத்தைக் கப்பலின் அடிவயிற்றிலிருந்தே சுற்றிவந்தவர். இப்போது மீன் லாரிக்கு ஐஸ் உடைத்துக்கொடுத்துப் பிழைத்தார். அவர் சொன்னதைக் கேட்டு ஐஸ் கொட்டகையில் நின்ற அத்தனைபேரும் சிரித்தார்கள். "அது ஐஸ்டா. அழுக்கு ஐஸ். மலை அளவு ஐஸ்கட்டி, மண்ணும் கரியும் கலந்து வானத்துல சுத்துது. சூரியன் கிட்ட வந்தா வெயில் பட்டுப் பொகையும். அந்தப் பொகைதான் வாலு. கப்பல்ல ஒரு ஆபீசர் சொன்னான்."

"உருகித் தண்ணியா ஒழுகாதா?"

"அங்க தண்ணி நிக்காதாம். ஐஸ் நேரா ஆவியாப் போயிருமாம்."

இஞ்ஞாசி சிரிக்கவில்லை. உமியில் புதைத்து லாரியில் வந்த ஐஸ்பாளத்தின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தான். உமி மூடியிருந்த இடம் கல்லைப்போலச் சும்மா கிடந்தது. உமி உதிர்ந்த இடத்தில் வெயில் பட்டு, அங்கிருந்து மட்டும் வெள்ளையாக ஒரு ஆவி சீறிக் கிளம்பியது. கையால் கொஞ்சம் உமியைத் தள்ளினான். அங்கிருந்தும் கிளம்பியது. அப்படிக் கிளம்பிய ஆவி, அன்றைக்கு வீசவேண்டிய வாடைக்காற்றின் போக்கில் தெற்கே போகாமல், காலைச் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம், கயிறு பிடித்துக் கட்டியதுபோல நீண்டது.

அன்றைக்குத்தான் அந்தக் காற்று ஆரம்பித்தது.

ஊர் அதைப் பெரிய விசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. காற்று மாறுவது கடற்கரைக்குப் புதிதா என்ன! காலையில் சூரியன் கடலிலிருந்து எழுந்ததும் அடுப்புப் புகை, கொடித்துணி, கோழி வால், கோயில் கொடி எல்லாம் நிலத்தின் பக்கம் பறந்தன. சாயங்காலம் சூரியன் பனங்காட்டுக்குப் பின்னால் இறங்கும்போது அவையெல்லாம் கடலின் பக்கம் பறந்தன. உச்சிப்பொழுதில் காற்று மேலிருந்து கீழே அழுத்தியது. அடுப்புப் புகை எழும்பாமல் தரையோடு தரையாகப் பாம்பைப்போல ஊர்ந்ததால் பெண்கள் உலையைக் காலையிலேயே வைத்து இறக்கிவிடப் பழகிக்கொண்டார்கள். சூரியன் பூமிக்கு அடியில் போனபிறகோ காற்று மணலுக்குள்ளிருந்து மேலே கிளம்பியது. படுக்க விரித்த பாய்கள் எழும்பாமலிருக்க அம்மிக்குழவியை மேலே வைத்தார்கள், ஆண்கள் வேட்டியை மானத்துக்குப் பயந்து கயிறு போட்டுக் கட்டினார்கள், மெழுகுவர்த்திச் சுடர் முழ நீளத்துக்கு நிமிர்ந்து நின்றதைப் பார்த்து உபதேசியார் மாத்திரம் சந்தோசப்பட்டார். தெற்குத் தெருக்காரிகளும் வடக்குத் தெருக்காரிகளும் வாடைக்காலம் முழுக்கப் புகைக்காகப் போட்டுக்கொள்ளும் சண்டை அந்த வருசம் நின்றுபோனது. அதற்குப் பதிலாகக் கீழ்த்தெருவும் மேல்தெருவும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று முறைவைத்துச் சண்டை போட்டுக்கொண்டன.

மீன்பிடிக்குத்தான் அந்தக் காற்று ரொம்பவும் தோதாக இருந்தது. சாயங்காலம் பாயை விரித்தால் அதுவே வள்ளத்தைக் கடலுக்குள் கொண்டுபோய்விடும். விடிந்ததும் அதுவே கரைக்குக் கொண்டுவந்துவிடும். காற்று பூவரசந்துறைக்காரர்களுடையதாகவே இருந்தது. நடுக்கடலில் வடக்கூர்க்காரன் வள்ளமும் இவர்கள் வள்ளமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது அவன் பாய் வாடையில் ஒருபக்கம் புடைத்திருக்கும், இவர்கள் பாய் வேறுபக்கம் புடைத்திருக்கும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

வால்வெள்ளி நாளுக்குநாள் கீழே இறங்கியது. ஆரம்பத்தில் ஒவ்வொரு விடியலுக்கும் கையை நீட்டிப் பார்த்தால் ஒரு விரல் அகலம் நகர்ந்தது, சூரியனை நெருங்க நெருங்க நாலு விரல், ஐந்து விரல் என்று ஓட்டம் பிடித்தது. ஓட்டம் கூடக்கூட வாலும் நீண்டது. வால் நீள நீளக் காற்றும் வலுத்தது. பிறகு ஒருநாள் விடியலில் அதைக் காணோம். எல்லோரும் போய்விட்டது என்றார்கள். இஞ்ஞாசி கோயில் கோபுரத்தின் நிழலில், சூரியனைக் கோபுரம் முழுசாக மறைக்கும்படி நின்றுகொண்டு பார்த்தான். பட்டப்பகலில், கோபுர விளிம்புக்கு வெளியே, சூரியனுக்கு ஒட்டினாற்போல வெள்ளிக்காசு அளவுக்கு அது பளபளத்துக்கொண்டிருந்தது.

"எப்பா, அது போகல. சூரியன்கிட்டயேதான் இருக்கு. இன்னைக்குப் போகாதீங்க."

"கிட்ட இருந்தா என்னடா?"

கஸ்பார் மகனின் தலையைத் தடவிவிட்டு, தொம்மையைக் கூட்டிக்கொண்டு, சாயங்காலக் காற்றில் பாயை விரித்தார்.

அன்றைக்கு அடித்ததுபோல அந்தக் காற்று அதற்கு முன்னும் அடிக்கவில்லை, பின்னும் அடிக்கவில்லை. ஓலைக்கூரைகள் முழுசாகக் கிளம்பிக் கடலுக்குப் பறந்தன. கரைக்குப் பக்கத்திலேயே நின்ற வள்ளக்காரர்கள் பாயை அறுத்துவிட்டுத் துடுப்புப்போட்டு வந்து சேர்ந்தார்கள். கஸ்பாரின் வள்ளத்துச் சுக்கான் முறிந்து மிதந்ததை ஒருவன் பார்த்ததாகச் சொன்னான். சுக்கான் இல்லாத வள்ளம் திரும்பச் சொன்னால் திரும்பாது. காற்று போகிற இடத்துக்குத்தான் போகும். விடிந்தது. கரைப்பக்கம் காற்று வீசியது. கஸ்பாரின் வள்ளம் வரவில்லை.

செபத்தியம்மாள் அழவில்லை. தண்ணிக் குடத்தை இடுப்பில் வைத்தவள் இறக்காமல் கரையிலேயே நின்றாள்.

அடுத்த சில நாட்களில் இன்னொன்று நடந்தது. சாயங்காலம் சூரியன் பனங்காட்டுக்குப் பின்னால் மறைந்து வானம் செம்மண்ணாக இருக்கும்போது, மேற்கே ஒரு வால்வெள்ளி எழுந்தது. முன்னதைவிடப் பெரிய வால், பனையுயரத்துக்குப் பத்துமடங்கு. ஊர் நடுங்கிப்போனது. நல்ல வெள்ளி கிழக்கே வந்து போய்விட்டது, இது கெட்டது, மேற்கே வந்திருக்கிறது, இதுதான் கஸ்பாரையும் தொம்மையையும் எடுத்தது என்று பேச்சு கிளம்பியது. உபதேசியாரே அதை மறுக்கவில்லை. இது மறையும்வரைக்கும் ஒரு வள்ளமும் இறங்கக்கூடாது என்று பட்டங்கட்டியார் கட்டளை போட்டார். தேடப் போனவர்கள் துடுப்புப்போட்டுத் தெற்கேதான் போயிருந்தார்கள், மார்கழியில் நீரோட்டம் தெற்கே இழுக்கும் என்பது அந்தக் கரையில் கைக்குழந்தைக்கும் தெரியும். அவர்களும் வெறுங்கையோடு வந்துவிட்டார்கள்.

இஞ்ஞாசிக்கு அப்பா சொல்லிவிட்டுப் போன வேலை அப்படியே இருந்தது. கேளு, கேட்டுட்டு எனக்கும் சொல்லு. சொல்லவேண்டிய ஆள் கடலில் இருந்ததால் அவன் முன்னைவிட வெறியோடு கேட்டான்.

"தாத்தா, அதுக்கு இப்போ ஏன் ரெண்டு வாலு?"

மோயீசன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இரண்டுதான். ஒன்று நூல்போல மெலிந்து, நீலம் பாரித்து, வளையாத நேர்கோடு. இன்னொன்று அகலமாக, மஞ்சள் கலந்து, அரிவாள்போல ஒருபக்கம் வளைந்திருந்தது. "அந்த ஆபீசர் அதைச் சொல்லலடா" என்று ஒப்புக்கொண்டார்.

"சரி, வாலு பொகைன்னீங்கள்ல. தினமும் அது சூரியனைவிட்டு மேல மேல போகுது. வாலும் மேலதான் இருக்கு. போற பக்கமாவே வாலு முன்னாடி போகுது தாத்தா. கப்பல் பொகை பின்னாடிதானே போவும்?"

உலகத்தைக் கப்பலின் அடியிலிருந்தே பார்த்த மோயீசனுக்கு ஒரே ஒருமுறை மேல்தளத்துக்கு வந்து மூச்சுவாங்கிய ஞாபகம் எழும்பியது. "ஒருதடவை போயிருக்குடா. கப்பலுக்குப் பின்னாலேர்ந்து புயல்காத்து கப்பலைவிட வேகமா அடிச்சுச்சு. அன்னைக்குப் பொகை கப்பலுக்கு முன்னாடிதான் போச்சு."

"அப்போ அதுக்குப் பின்னாலேர்ந்து காத்து அடிக்குதா? பின்னால இருக்கிறது சூரியன்தானே?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஐஸ் கொட்டகைக்கு மேலே பறந்துகொண்டிருந்த கோணிச் சாக்கு, மறைந்த சூரியனைவிட்டு விலகிக் கடலைப் பார்த்துப் படபடத்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் மாலை, சூரியன் மறைவதற்குள் இஞ்ஞாசி வீட்டுக்கு ஓடி, புகையும் தேங்காய் மட்டையை ஒரு சட்டியில் போட்டு ஒரு கையில் எடுத்தான். மறு கையில் மெல்லிய மணல் நிறைந்த துணிமூட்டை. அடியில் சிறு ஓட்டை. இரண்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே ஓடினான். மோயீசன் நின்று பார்த்தார். சட்டியிலிருந்து கிளம்பிய புகை, காற்றின் வேகத்துக்குப் பையனின் ஓட்டம் ஒரு பொருட்டே இல்லை என்பதுபோலச் சூரியனுக்கு நேர் எதிரே கோடு கிழித்துப் போனது. மூட்டையிலிருந்து உதிர்ந்த மணலும் கடல்பக்கம்தான் போனது. ஆனால் கனமானதாகையால் காற்று தள்ளிய அளவுக்குப் போகாமல், பையன் ஓடிவந்த தடத்தின் பக்கம் பின்தங்கி, அரிவாளாக வளைந்தது. தலைக்குமேலே, இருட்டத் தொடங்கிய வானத்தில், அதே உருவம் எழுதியிருந்தது. ஐஸின் ஆவி நேராக. ஐஸில் கலந்திருந்த தூசி வளைந்து.

"ஒரே ஆள்தான் தாத்தா" என்று மூச்சுவாங்கிக்கொண்டே சொன்னான் இஞ்ஞாசி. "கிழக்க வந்ததும் மேற்க வந்ததும் ஒண்ணுதான். அது சூரியனைச் சுத்தி அந்தப் பக்கத்துலேர்ந்து இந்தப் பக்கம் வந்திருக்கு. எந்தப் பக்கம் நின்னாலும் வாலு சூரியனைவிட்டு வெளியேதான் இருக்கு. யாரையும் எடுக்கல."

மோயீசன் அதைக் கேட்கவில்லை. அவர் மணலில் குனிந்திருந்தார். பையன் ஓடிய தடத்துக்குக் குறுக்கே புகையின் கரி ஒட்டிய இடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல இஞ்ஞாசி, பொகை நேர் கிழக்கயா போச்சு?"

நேர் கிழக்கே போகவில்லை. கொஞ்சம் வடக்கே சாய்ந்து போயிருந்தது. ஏன் என்று இரண்டு பேரும் பனங்காட்டைப் பார்த்தார்கள். மார்கழிச் சூரியன் நேர் மேற்கில் இறங்காமல் தெற்கே தள்ளி, கல்லறைத்தோட்டத்துக்குப் பின்னால் இறங்கியிருந்தது. காலையிலும் அது நேர் கிழக்கில் எழுவதில்லை. தெற்கே தள்ளி, பாறைத்திட்டுக்குமேல்தான் எழும். அப்படியானால் காலைக்காற்று வடமேற்கே தள்ளும், மாலைக்காற்று வடகிழக்கே தள்ளும், உச்சியிலும் சூரியன் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். மேற்கும் கிழக்கும் ஒன்றையொன்று தின்றுவிடும். மிச்சமிருப்பது வடக்கு.

பட்டங்கட்டியாரின் வாசலில் இஞ்ஞாசி கேட்டது ஒரே கேள்விதான். "பெரியவரே, நாலு நாளா நம்ம வலையில அறுந்துபோன மிதவைக் கட்டைங்க எந்த ஊர்ல ஒதுங்குது?"

"வடக்கூர்ல. நேத்துக்கூடக் கொண்டுவந்து குடுத்தான்" என்று சொல்லிமுடிப்பதற்குள் பட்டங்கட்டியாரின் முகம் மாறியது. தெற்கே தேடச் சொன்னது அவர்தான். கோபம் வரும் என்று இஞ்ஞாசி பயந்தான். அவர் வாசற்படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு துண்டை எடுத்து, "நீரோட்டம் எல்லா ஊருக்கும்தான். காத்து நமக்கு மட்டும்தானே. இது எனக்குத் தோணாமப் போச்சே" என்றார்.

"தேடணும்னா இப்பவே போகணும்" என்றார் மோயீசன். "தினமும் வாலு குட்டையாகுது. சூரியனைவிட்டு விலக விலக அதுக்குச் சூடு பத்தாது, பொகை குறையும். காத்தும் குறையுது. காத்து நின்னுபோச்சுன்னா அவங்க போன வழி மூடிப்போகும்."

பட்டங்கட்டியார் தன் கட்டளையைத் தானே மீறித் தன் வள்ளத்தை இறக்கச் சொன்னார். சுக்கானைக் கழற்றி வள்ளத்துக்குள் போட்டார். "கஸ்பாருக்குச் சுக்கான் கிடையாது. நமக்கும் வேண்டாம். பாயைக் காத்துக்குக் குடுத்துட்டுச் சும்மா உட்காருவோம். அது அவங்களைக் கொண்டுபோன இடத்துக்கு நம்மையும் கொண்டுபோவட்டும்."

செபத்தியம்மாள் தண்ணிக்குடத்தோடு வந்து வள்ளத்தில் ஏறினாள். பெண்கள் வள்ளத்தில் கால்வைக்கிற வழக்கம் அந்தக் கரையில் இல்லை. பட்டங்கட்டியார் அதைச் சொன்னார்.

"நீங்க தெக்க தேடினப்ப நான் வாயைத் திறக்கல" என்றாள் அவள். அவ்வளவுதான். பட்டங்கட்டியார் நகர்ந்து இடம் கொடுத்தார். மோயீசனும் ஏறினார், இஞ்ஞாசி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மாலையில் வடகிழக்கே போனார்கள், காலையில் வடமேற்கே போனார்கள். நடுவில் சூரியன் அடியில் இருந்த பொழுதெல்லாம் பாய் மேல்நோக்கி விறைத்து நிற்க, வள்ளம் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் மிதந்தது. செபத்தியம்மாள் முந்தானையை அவிழ்த்துவிட்டு அணியத்தில், வள்ளத்தின் முன்மூக்கில், நின்றாள். முந்தானை காட்டிய பக்கம் கண்ணைவைத்துத் தேடினார்கள். நீரோட்டம் அடியில் தெற்கே இழுத்தது, காற்று மேலே வடக்கே தள்ளியது. ஒவ்வொரு நாளும் தள்ளுதல் கொஞ்சம் குறைந்து, இழுவையும் தள்ளுதலும் சமமாகிவிடும்போலிருந்தது. வடக்கே கரை உள்வாங்கி வளைந்துபோய்க் கண்ணுக்குத் தெரியாமலானது. கொண்டுவந்த அவல் தீர்ந்தது. பட்டங்கட்டியார் செபமாலையை உருட்டிக்கொண்டே வந்தார். இஞ்ஞாசி ஒன்றும் கேட்கவில்லை. அவனைப் பார்த்து மோயீசனுக்குப் பயமாக இருந்தது.

"ஏதாவது கேளேன்டா."

"அப்பா கிடைக்கட்டும், கேட்கிறேன்."

முந்தானை படபடப்பதை நிறுத்தித் துவளத் தொடங்கியிருந்த ஒரு காலையில், அது கடைசியாகச் சாய்ந்த திசையில் ஒரு மணல்திட்டு தெரிந்தது. ஆளில்லாத தீவு, நாலு தாழம்புதர், ஒரு கவிழ்ந்த வள்ளம். வள்ளத்தின் நிழலில் இரண்டு பேர். ஒருவர் எழுந்தார், எழுந்தவர் விழுந்தார், விழுந்தவர் மறுபடியும் எழுந்தார். செபத்தியம்மாள் கழுத்தளவுத் தண்ணியில் குதித்தாள். தண்ணிக்குடம் மட்டும் அவள் தலைக்குமேலே தெரிந்தது.

கஸ்பாரின் உதடு வெடித்திருந்தது, தொம்மைக்குக் கால் முறிந்திருந்தது. குழியில் தேங்கிய மழைத்தண்ணியும், ஆமை முட்டையும், கையால் பிடித்த நண்டும் அவர்களை உயிரோடு வைத்திருந்தன. குடத்துத் தண்ணியை மிடறு மிடறாகக் குடித்து முடித்தபிறகு கஸ்பாருக்குக் குரல் வந்தது. அவர் மனைவியைப் பார்த்தார், வள்ளத்தில் இருந்து இறங்கிய பட்டங்கட்டியாரைப் பார்த்தார், கடைசியில் மகனைப் பார்த்தார்.

"கேட்டியா மக்கா? அது என்னன்னு யாராவது சொன்னாங்களா?"

அப்போதுதான் இஞ்ஞாசி அழுதான். அழுதுகொண்டே சொன்னான், ஐஸ் என்றும் தூசி என்றும், வெயில் என்றும் காற்று என்றும், இரண்டு வால் என்றும் ஒரே ஆள் என்றும். கஸ்பார் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

உடனே ஊர் திரும்ப முடியவில்லை. ஊர் தெற்கே, துடுப்புப்போட்டு எட்டாத தூரத்தில் இருந்தது. அவர்களுடைய காற்றுக்குத் தெற்கு தெரியாது. தொம்மையின் காலுக்குக் கட்டைவைத்துக் கட்டி, மீன்பிடித்துச் சுட்டுத் தின்றுகொண்டு, காற்று தீரட்டும் என்று அந்தத் தீவிலேயே காத்திருந்தார்கள். சாயங்காலமானால் ஐந்து பெரியவர்களும் ஒரு பையனும் மணலில் உட்கார்ந்து மேற்கே பார்த்தார்கள். பட்டங்கட்டியாரும் பார்த்தார். இப்போது அதற்குக் கண் கொடுப்பதில் அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. வால்வெள்ளி ஒவ்வொரு மாலையும் இன்னும் உயரத்தில், இன்னும் மங்கலாக, வாலை முன்னால் விட்டுக்கொண்டு, சூரியனுக்கு முகத்தைக் காட்டியபடியே பின்னால் நடந்து போய்க்கொண்டிருந்தது. நீல வால் முதலில் மறைந்தது. ஓட்டமும் தளர்ந்தது, ஐந்து விரல் மூன்றாகி, மூன்று ஒன்றானது.

"போகப்போக இன்னும் மெதுவாத்தான் போவும்னு சொன்னான் அந்த ஆபீசர்" என்றார் மோயீசன். "தூரத்துல வெயில் எட்டாத இடத்துல நத்தைமாதிரி ஊருமாம். அங்க வாலும் இருக்காது, வெளிச்சமும் இருக்காது. வெறும் கறுப்புக் கட்டி. அப்புறம் சூரியன் இழுக்கும், மறுபடி ஓடிவரும்."

"எப்போ வரும்?"

"நம்ம யாரும் இருக்கமாட்டோம். நம்ம பேரப்புள்ளையளும் இருக்காது."

இஞ்ஞாசி மணலைக் கையால் அளைந்தான். "ஒவ்வொரு தடவையும் இவ்வளவு பொகைஞ்சா, உடம்பு கரைஞ்சுட்டே வருமே. ஒருநாள் ஒண்ணுமில்லாமப் போயிருமா?"

கஸ்பார்தான் பேசினார். "போகும்போல. ஐஸ் தீர்ந்தா வெறும் மண்ணு மிஞ்சும்."

"தெரிஞ்சும் ஏன்ப்பா கிட்ட வருது?"

கஸ்பார் அண்ணாந்து பார்த்தார். இந்த ஆண்டு இரண்டுபேரின் உயிரை எடுக்கப்பார்த்துவிட்டு, அதே காற்றால் ஆறு பேரை ஒரு மணல்திட்டில் சேர்த்து உட்காரவைத்த அந்த மங்கல் புள்ளியிடம் அவருக்குக் கோபமும் இல்லை, நன்றியும் இல்லை. "அதுக்கு ஏன்னு ஒண்ணு இருக்கா, இல்லையான்னு எனக்குத் தெரியல மக்கா. நீ கேட்டுட்டே இரு" என்றார்.

அதற்கு அடுத்த நாளோ, அதற்கும் அடுத்த நாளோ, சூரியன் தண்ணிக்குமேலே தென்மேற்கில் சாய்ந்திருந்த நேரம் செபத்தியம்மாள் துவைத்த சேலையை இரண்டு தாழம்புதர்களுக்கு நடுவே கட்டிக்கொண்டிருந்தாள். வால்வெள்ளியின் வால் அப்போது சுண்டுவிரல் நீளத்துக்குச் சுருங்கியிருந்தது. சேலை கொஞ்ச நேரம் எந்தப் பக்கமும் போகாமல் தொங்கியது. பிறகு அதன் நுனி மெல்ல எழும்பி, தயங்கி, எத்தனையோ நாளாக எந்தத் துணியும் போகாத திசையில், சூரியனைப் பார்த்துப் பறந்தது.

"வாடை" என்றார் பட்டங்கட்டியார், ஊர்விட்டுப் போயிருந்த ஒருவரின் பெயரைச் சொல்லுவதுபோல.

தொம்மையைத் தூக்கி வள்ளத்தில் படுக்கவைத்தார்கள். சுக்கானை மாட்டினார்கள். கஸ்பார் பின்னால் உட்கார்ந்து சுக்கானைப் பிடிக்க, பாய் புடைத்து, வள்ளத்தின் மூக்கு தெற்கே திரும்பியது. இஞ்ஞாசி அப்பாவின் முழங்காலில் முதுகைச் சாய்த்து, இன்னும் ஈரம் காயாத அம்மாவின் சேலையைப் போர்த்திக்கொண்டு, ஊர் வரும்வரைக்கும் தூங்கினான்.